1000 பிரதியும் விற்றால்கூட நட்டம் வரும் கணக்கு

வாசகர் கேள்வி

வணக்கம் மேடம். நாகர்கோவில் பக்கம் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறேன். ஆறு வருடத்தில் 14 புத்தகம், பெரும்பாலும் கவிதையும் சிறுகதையும். அதிகம் விற்ற புத்தகம் 14 மாதத்தில் 420 பிரதி. இப்போது ஒரு மலையாள நாவலைத் தமிழில் கொண்டுவர ஆசை. மூலம் 240 பக்கம். எழுத்தாளரிடம் போனில் கேட்டேன், "தாராளமாகப் போடுங்கள்" என்றார். மொழிபெயர்க்கும் ஆசிரியை 70,000 கேட்கிறார். மாதிரிக்கு முதல் 30 பக்கம் செய்து தந்தார், லே-அவுட்டில் 39 பக்கம் வந்தது. லே-அவுட் 8,000, அட்டை 6,000. 256 பக்கம், டெமி அளவு, 1000 பிரதிக்கு அச்சகம் 84,000 சொல்கிறது, 500 என்றால் 52,000. ஆக 1000 பிரதிக்கு மொத்தம் 1,68,000. விலை 300 வைத்தால் 3 லட்சம் வரும். எழுத்தாளருக்கு 10% ராயல்டி 30,000 போனாலும் ஒரு லட்சம் மிஞ்சும். கணக்கு சரியா? மொழிபெயர்ப்புக்கு மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டால் அது என் சொத்துதானே? 1000 போடலாமா, 500 போடலாமா?

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

இன்னும் அச்சகத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இறங்கினால், 1000 பிரதியும் விற்றுத் தீர்ந்தாலும் உங்களுக்கு நட்டம் வரும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பக்கம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 30 பக்கம் 39 ஆகியிருக்கிறது என்றால் 240 பக்கம் 312 ஆகும். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று ஒரு 8 பக்கம் சேர்த்தால் 320. டெமி அளவில் ஒரு ஃபாரம் 16 பக்கம். நீங்கள் விலை கேட்டது 16 ஃபாரத்துக்கு, புத்தகம் வரப்போவதோ 20 ஃபாரம். அட்டை, பைண்டிங் செலவு அதிகம் மாறாது, உள்பக்கங்களின் தாளும் அச்சும் நாலில் ஒரு பங்கு கூடும். உங்கள் அச்சகம் சொன்ன விலையை வைத்துப் பார்த்தால் 1000 பிரதிக்கு ஏறக்குறைய 1,00,000, 500 பிரதிக்கு 62,000 வரும். 320 பக்கம் என்று சொல்லி மறுபடி விலை கேளுங்கள். கேட்கும்போதே வரி சேர்த்தா, வரி தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனாலேயே தாளுக்கும் அச்சுக்கும் நீங்கள் கட்டும் வரியை மற்ற வியாபாரிகள் போலத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுக்க உங்கள் செலவு. இந்த ஒரு லட்சம் வரி சேர்த்தது என்று வைத்துக்கொண்டே மேலே போகிறேன்.

அடுத்து, பட்டியலில் இரண்டு செலவுகள் இல்லை. ஒன்று, மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் எடிட்டிங். மலையாளத்திலிருந்து வரும் மொழிபெயர்ப்புக்கு இது கட்டாயம் வேண்டும் என்று சொல்வேன். இரண்டு மொழிக்கும் பொதுவாகத் தெரிகிற சொற்கள்தான் ஆபத்து. மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு, சந்தர்ப்பம். 'சம்சாரம்' என்றால் பேச்சு. அவசரப்பட்டுப் படித்தால் தமிழில் அதே சொல் அப்படியே உட்கார்ந்துவிடும், மூலம் தெரியாத பிழைதிருத்துபவர் கண்ணில் அது படவும் படாது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவருக்கு 15,000 ஒதுக்குங்கள். இன்னொன்று பிழைதிருத்தம், 8,000. ஆக அச்சுக்கு முன்னாலேயே ஆகும் செலவு: மொழிபெயர்ப்பு 70,000, எடிட்டிங் 15,000, பிழைதிருத்தம் 8,000, லே-அவுட் 8,000, அட்டை 6,000. மொத்தம் 1,07,000. நீங்கள் 500 போட்டாலும் 1000 போட்டாலும் இது மாறாது.

கைக்கு வரும் பணம் எவ்வளவு

விலையை 1000-ஆல் பெருக்கியதுதான் கணக்கின் பெரிய தவறு. அட்டையில் போட்டிருக்கும் 300 ரூபாய் உங்கள் கைக்கு வருவதே இல்லை.

1000 பிரதியில் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், விமர்சனத்துக்கு அனுப்புவது, கட்டும்போது கெட்டுப்போவது என்று ஒரு 60 பிரதி போய்விடும். அதில் நாலு பிரதி சட்டப்படி கொடுக்க வேண்டியவை. 1954-ஆம் வருடச் சட்டத்தின்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். விற்க மிஞ்சுவது 940.

விநியோகஸ்தர் வழியாகக் கடைக்குப் போகும் பிரதிக்கு 40% கழிவு என்று வையுங்கள். 300 ரூபாய் புத்தகத்துக்கு 180 வரும். புத்தகக் கண்காட்சியிலோ போனில் ஆர்டர் எடுத்தோ நீங்களே விற்றால் வழக்கமான 10% தள்ளுபடி போக 270. அதில் கூரியர், ஸ்டால் வாடகை என்று பிரதிக்கு 40 கழித்தால் 230. பத்தில் ஆறு கடை வழியாகவும் நாலு நேராகவும் விற்றால் சராசரி 200. அதில் ராயல்டி 30 போனால் 170.

940 பிரதியும் விற்றால் 1,59,800. செலவோ 1,07,000-உம் அச்சுக்கு ஒரு லட்சமும் சேர்த்து 2,07,000. நட்டம் 47,200. ஒரு பிரதிகூட மிஞ்சாமல் விற்ற நிலையில்!

ஆகவே 320 பக்கத்துக்கு 300 ரூபாய் விலை கட்டாது. 400 வையுங்கள். கடை வழி 240, நேரடி 320, அதே விகிதத்தில் சராசரி 272, ராயல்டி 40 போக 232. இப்போது 940-உம் விற்றால் 11,000 மிஞ்சும். அதாவது 892 பிரதி விற்கும்வரை போட்ட பணமே திரும்பாது. உங்கள் பதிப்பகத்தில் அதிகம் விற்ற புத்தகமே 420.

அரசு நூலகங்களுக்குப் புத்தகம் எடுக்கும் நூலக ஆணை வந்தால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும். நூலக ஆணையை வரவில் எழுதாதீர்கள். எப்போது எடுப்பார்கள், உங்கள் புத்தகத்தை எடுப்பார்களா, பணம் எப்போது வரும் என்ற மூன்றும் உங்கள் கையில் இல்லை. அதை நம்பி 1000 போட்டு, மூன்று வருடம் கழித்து 600 பிரதியை வீட்டு மாடியில் கரையானுக்குக் கொடுத்த ஒரு பதிப்பாளரின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். அவர் புத்தகம் நல்ல புத்தகம்.

500 போடுங்கள்

1000 போட்டால் பிரதிக்கு அச்சுச் செலவு 100 ரூபாய், 500 போட்டால் 124. அதனால் 1000 லாபம் என்று அச்சகத்தில் சொல்வார்கள். விற்கிற பிரதிக்குத்தான் அது பொருந்தும். இந்த நாவலும் 420 பிரதிதான் போகிறது என்றால், 1000 போட்டவருக்கு 500 போட்டவரைவிட 38,000 கூடுதல் நட்டம், அதோடு 520 பிரதியை வைக்க இடமும் தேட வேண்டும். எல்லாம் விற்றுவிட்டால் 1000 போட்டவருக்கு மிச்சமாவது 20,000. பிறகு இன்னொரு 500 அச்சிட ஏறக்குறைய 58,000 ஆகும் என்று வைத்து இதைச் சொல்கிறேன். உங்கள் பழைய விற்பனையைப் பார்க்கும்போது இந்த 20,000-க்காக 38,000-ஐப் பணயம் வைக்க வேண்டாம்.

சரி, 500 போட்டால் பணம் திரும்புமா? முதல் பதிப்பில் திரும்பாது. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நேரடி விற்பனையைப் பத்தில் ஆறாக உயர்த்தினால் ராயல்டி போகப் பிரதிக்கு 248 வரும். விற்க இருக்கும் 440 பிரதிக்கு 1,09,000. செலவு 1,69,000. 60,000 குறைகிறது. இரண்டாம் பதிப்பில் 500 போட்டால் மொழிபெயர்ப்பு, எடிட்டிங், அட்டை எதற்கும் மறுபடி செலவில்லை. 1,24,000 வரவில் அச்சுச் செலவு 58,000 போக 66,000 மிஞ்சி, பழைய பள்ளம் அடைபடும். மொத்தத்தில் 915 பிரதி அளவில் போட்ட பணம் கைக்கு வரும். உங்கள் வேகத்தில் அதற்கு மூன்று, நாலு வருடம் ஆகும்.

அதனால் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 60,000 ரூபாயை நாலு வருடம் இந்தப் புத்தகத்தில் விட்டுவைக்க முடியுமா என்பது. முடியும், அது வட்டிக்கு வாங்கிய பணம் இல்லை என்றால் தைரியமாகப் போடுங்கள். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் இந்த வருடம் வேண்டாம்.

கையிருப்பு இறுக்கமாக இருந்தால் முன்வெளியீட்டுத் திட்டம் உதவும். 400 ரூபாய் புத்தகத்தை 320-க்கு, கூரியர் நம் செலவில் என்று அறிவித்து 120 பேர் பணம் கட்டினால் 38,400 வரும். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும். சாதாரண நேரடி விற்பனையைவிடப் பிரதிக்கு 40 ரூபாய் குறைவாகத்தான் கைக்கு வரும், ஆனால் கடைக்காரரிடம் ஒரு வருடம் நடக்க வேண்டாம். அறிவிப்பை மொழிபெயர்ப்பும் எடிட்டிங்கும் முடிந்து, கோப்பு அச்சுக்குப் போகிற நிலையில் வெளியிடுங்கள். கையெழுத்துப் பிரதி பாதியில் நிற்கும்போது வாசகரிடம் பணம் வாங்கினால், தாமதத்துக்குப் பதில் சொல்லியே உங்கள் பெயர் கெட்டுவிடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. விநியோகஸ்தர் 100 பிரதி எடுத்துக்கொண்டால் 100 விற்றதாக எழுதாதீர்கள். விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் போனவை திரும்பி வரலாம், அட்டை மடங்கியும் வரலாம். நோட்டில் "அனுப்பியது", "பணம் வந்தது", "திரும்பியது" என்று மூன்று பத்தி போடுங்கள். ராயல்டியும் மறு அச்சு முடிவும் நடுப் பத்தியைப் பார்த்துத்தான். முதல் இரண்டு பத்திக்கும் இடையில் ஒரு வருடமாக 150 பிரதி நின்றால், கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று மறுபதிப்புக்கு ஓடக்கூடாது. அந்த நேரத்தில் தேவைப்பட்டால் டிஜிட்டல் அச்சில் 50 அல்லது 100 மட்டும் போடுங்கள். பிரதிக்கு 160 ஆனாலும், மொழிபெயர்ப்புச் செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் கையைக் கடிக்காது.

"தாராளமாகப் போடுங்கள்" போதாது

எழுத்தாளர் மனதாரச் சொல்லியிருப்பார். ஆனால் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி இந்த உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். போனில் சொன்னதை நம்பி 1,69,000 போட முடியாது. அதைவிட முக்கியமாக, மொழிபெயர்ப்பு உரிமை இப்போது எழுத்தாளரிடம்தான் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். மலையாளப் பதிப்பாளருடன் போட்ட ஒப்பந்தத்தில் அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், உங்களுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. அந்த ஒப்பந்தத்தின் சம்பந்தப்பட்ட பக்கத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தில் காலம் எழுதாமல் விட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். பெற்ற உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அது காலாவதியாகிவிடும். இந்த மூன்றும் உங்களை நேராகத் தொடும். மொழிபெயர்ப்பும் எடிட்டிங்கும் சேர்ந்து ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். பணம் திரும்ப நாலு வருடம் ஆகும் என்று இப்போதுதான் பார்த்தோம், ஐந்தாம் வருடம் உரிமை போய்விட்டால் இரண்டாம் பதிப்பை யார் போடுவது? இலங்கை, சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கும் நீங்கள் விற்க நினைக்கலாம். எனவே கையெழுத்திட்ட நாளிலிருந்து 24 மாதத்துக்குள் வெளியிடுவது, வெளியான நாளிலிருந்து ஏழு வருடம், தமிழில் உலகம் முழுவதும், அச்சும் மின்னூலும் என்று எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பு உங்கள் சொத்தா

இல்லை. பணம் கொடுத்ததாலேயே மொழிபெயர்ப்பு உங்களுடையதாகிவிடாது. ஆசிரியை உங்கள் சம்பள ஊழியர் இல்லை. மொழிபெயர்ப்பும் ஒரு தனி இலக்கியப் படைப்பாகவே சட்டத்தில் பார்க்கப்படும், அதன் உரிமை மொழிபெயர்த்தவருக்கு. எழுத்து மூலம் நீங்கள் அதை வாங்கலாம், ஆனால் வாங்கினாலும் இதை மொழிபெயர்த்தவர் நான் என்று சொல்லும் உரிமை அவரிடமே இருக்கும். எனவே உரிமை முழுவதையும் எழுதி வாங்க முயலாதீர்கள். எழுத்தாளரிடம் எத்தனை வருடமோ, அதே வருடத்துக்கு ஆசிரியையிடமும் பிரசுர உரிமை மட்டும் வாங்குங்கள். இரண்டு ஒப்பந்தமும் ஒரே நாளில் முடியும்படி இருக்கட்டும். ஒன்று முன்னால் முடிந்தால் மற்றொன்றை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

70,000 என்பது 312 பக்கத்துக்கு நியாயமான தொகைதான், பேரம் பேசாதீர்கள். ஆனால் மூன்று தவணையாகக் கொடுங்கள்: ஒப்பந்தத்தன்று 20,000, முழு வரைவு வந்ததும் 25,000, எடிட்டிங் கேள்விகளுக்குப் பதில் தந்து இறுதிப் பிரதி ஒப்படைத்ததும் 25,000. கடைசித் தவணையைப் புத்தக விற்பனையோடு கட்டாதீர்கள். விற்கவில்லை என்றால் அது உங்கள் நட்டம்தான், அவர் வேலையை முடித்துவிட்டார்.

ராயல்டியில் அட்டை விலையில் 10% என்று மொத்தமாக ஒதுக்கி, எழுத்தாளருக்கு 7.5%, மொழிபெயர்ப்பாளருக்கு 2.5% என்று கேட்டுப் பாருங்கள். 400 ரூபாய் புத்தகத்தில் அவருக்கு 30, இவருக்கு 10. எழுத்தாளர் 10% வேண்டும் என்றால் பிரதிக்கு இன்னும் 10 ரூபாய் குறையும், இரண்டாம் பதிப்பு முடிந்தாலும் சில ஆயிரம் கையை விட்டுப் போகும். அதைத் தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். எதன் மேல் சதவீதம் என்று எழுத மறக்காதீர்கள். கடை வழி விற்ற பிரதிக்கு அட்டை விலையில் 10% என்றால் 40 ரூபாய், கைக்கு வந்த தொகையில் 10% என்றால் 24. வெறும் '10% ராயல்டி' என்று எழுதிவிட்டு அவர் ஒன்றும் நீங்கள் ஒன்றும் நினைத்திருப்பதில்தான் மனக்கசப்பு தொடங்குகிறது. எனக்கு அட்டை விலைதான் பிடிக்கும், எழுத்தாளர் தானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

எழுத்தாளருக்கு 7,500 முன்பணம் கொடுங்கள். அது 250 பிரதியின் ராயல்டி, பிறகு கழித்துக்கொள்ளலாம், தனிச் செலவு இல்லை. ராயல்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, பொதுவாக அதை எழுத்தாளருக்குப் பதில் பதிப்பாளரே கட்ட வேண்டும். தொகை சின்னதாக இருந்தாலும் பதிவு எண் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, மார்ச் 31 வரைக்குமான கணக்கை ஜூனுக்குள் இருவருக்கும் அனுப்புங்கள். அச்சிட்டது, இலவசமாகப் போனது, பணம் வந்தது, கையிருப்பு என்ற நாலு எண் போதும். 30 பிரதிதான் விற்றது என்றாலும் அனுப்புங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். எழுத்தாளரிடம் அந்த மலையாள ஒப்பந்தப் பக்கத்தைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை ஆசிரியையை மாதிரி 30 பக்கத்தோடு நிறுத்தச் சொல்லி, செய்த அளவுக்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். 70,000-இல் எட்டில் ஒரு பங்கு, 8,750 ரூபாய்.